சூரை டின்: எண்ணெயா, தண்ணியா?

"மாப்ள, ஜிம்மில் சேர்ந்திருக்கேன், எந்த டின் வாங்கலாம்?" என்று நண்பன் இரண்டு லேபிள்களைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். நாகப்பட்டினத்தில் சூரை இறங்குகிறது, மன்னார்குடியில் உட்கார்ந்து நாங்கள் டின் வாங்குகிறோம். அந்தக் கதை இருக்கட்டும். இரண்டு வருடமாக வாரம் மூன்று டின் சாப்பிடுகிறவன் என்பதால் கேட்டிருக்கிறான்.

ஒன்றில் 100 கிராமுக்குப் புரதம் 27, இன்னொன்றில் 19. இரண்டும் எண்ணெய் டின்தான். 27 போட்டதைத்தான் வாங்கப்போகிறானாம். எனக்கு எரிச்சல் வருவதே இந்த இடத்தில்தான். முதல் லேபிள் வடித்த மீனுக்குக் கணக்குப் போடுகிறது, இரண்டாவது எண்ணெயோடு சேர்த்து. 185 கிராம் டின்னை வடித்தால் மீன் 130 கிராம்தான். 130-க்கு 27 வீதம் போட்டாலும் 185-க்கு 19 வீதம் போட்டாலும் டின்னுக்கு 35 கிராம் புரதம். எதற்கான 100 கிராம் என்பதை மட்டும் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

தண்ணீர் டின்னையும் எடை போட்டேன். வடித்தால் அதே 130 கிராம். அதன் லேபிள்படி டின்னுக்குப் புரதம் 32 கிராம், கொழுப்பு ஒன்றரை கிராம்கூட இல்லை. ஆக, புரதத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. கொழுப்பில்தான் விஷயம். எண்ணெய் டின்னை ஐந்து நிமிடம் வடிகட்டியில் வைத்து, வடிந்ததைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிவைத்தேன். அடியில் பழுப்பாக மீன்சாறு நின்றது, மேலே எண்ணெய் மட்டும் 40 கிராம். மீனில் ஊறி நிற்பது இன்னொரு 12 கிராம். வடிக்காமல் சாப்பிட்டால் 52 கிராம், அந்த 40 கிராமில் மட்டும் 360 கலோரி. வடிப்பதற்குச் சோம்பல்பட்டு ஆரம்பத்தில் ஆறு மாதம் அப்படித்தான் சாப்பிட்டேன்.

அப்போ தண்ணீர் டின்தானே சரி? லேபிளோடு நிறுத்தினால் சரிதான். எங்கள் வீட்டில் அது புட்டாகித்தான் தட்டுக்கு வரும். தண்ணீர் டின்னைப் பார்த்தாலே அம்மா, "தக்கை மாதிரி இருக்குடா" என்று இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றிவிடுவார். அதுவே 27 கிராம் கொழுப்பு. எண்ணெய் டின் என்றால், வடித்ததில் ஒரு தேக்கரண்டி மட்டும் எடுத்து வெங்காயம், சோம்பு, பூண்டு வதக்குகிறோம். மீன் ஏற்கெனவே எண்ணெயில் ஊறியிருப்பதால் அது போதும். மொத்தம் 17 கிராமுக்குள் முடிகிறது. கொழுப்பு இல்லாத டின் என்று வாங்கியதில்தான் கொழுப்பு அதிகம்!

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சூரையின் சொந்த மீனெண்ணெயில் கொஞ்சம் டின் எண்ணெயில் கலந்து, வடிக்கும்போது அதோடு போய்விடும். தண்ணீரில் அது கலக்காது, பெரும்பாலும் மீனிலேயே தங்கும். அந்த விதத்தில் தண்ணீர் டின் ஒரு படி மேல்.

நண்பனுக்குத் தண்ணீர் டின் என்றுதான் பதில் போட்டேன். தனியாக ரூம் எடுத்திருக்கிறான், எலுமிச்சை பிழிந்து அப்படியே சாப்பிடுவான். நான் நேற்று வாங்கி வந்த நாலும் எண்ணெய் டின்.