மொட்டைமாடிப் பந்தும் மூன்று வழிகளும்

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் என் டியூஷனுக்கு இரண்டு வகைப் பிள்ளைகள் வருகிறார்கள். இங்கேயே தமிழ் வழியில் படிப்பவர்கள் என்னை "மாஷே" என்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து கோபாலபுரம் சோதனைச்சாவடி தாண்டி வருகிறவர்களுக்கு நான் "சார்". போன வாரம் இரு தரப்புக்கும் ஒரே கணக்கைக் கொடுத்தேன். 6 மீட்டர் உயர மொட்டைமாடியிலிருந்து ஒரு பந்தை வினாடிக்கு 13 மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறிகிறோம். எப்போது தரையில் விழும்? அதிகபட்சம் எவ்வளவு உயரம் போகும்?

புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்தால் t வினாடியில் உயரம் இதுதான்:

h = 6 + 13t − 5t²

பெரும்பாலானவர்கள் காரணிப்படுத்தத்தான் ஓடினார்கள். தரை என்றால் h = 0. அதனால் 5t² − 13t − 6 = 0, அதாவது (5t + 2)(t − 3) = 0. விடை 3 வினாடி. இரண்டு வரியில் முடிந்துவிடும், மறுப்பதற்கில்லை. ஆனால் அது நான் எண்களைப் பார்த்துப் பொறுக்கி வைத்ததால் வந்த சுகம். 10-க்குப் பதிலாக 9.8 என்று போட்டுப் பாருங்கள், 4.9t² − 13t − 6 எந்த முழு எண்ணுக்கும் மசியாது. உச்ச உயரத்தையும் இந்த வழி நேராகச் சொல்லாது. இரண்டு மூலங்களுக்கும் நடுப்புள்ளி எடுக்க வேண்டும்: (3 − 0.4) ÷ 2 = 1.3. இங்கேதான் வேண்டாமென்று தூக்கியெறிந்த −0.4 திரும்பத் தேவைப்படுகிறது. அதற்கு அர்த்தமும் உண்டு. பந்தைத் தரையிலிருந்தே வினாடிக்கு 17 மீட்டர் வேகத்தில் எறிந்திருந்தால், 0.4 வினாடி முன்னால் கிளம்பி, மாடியைக் கடக்கும்போது சரியாக 13 மீட்டர் வேகத்தில் இருந்திருக்கும்.

வர்க்கப் பூர்த்திக்குப் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். பாதியை எடுத்து வர்க்கமாக்கிக் கூட்டிக் கழிப்பதில் குறி தவறுகிறது என்பது உண்மைதான். ஆனால் பொறுமையாகச் செய்தால் கிடைப்பது இது:

h = 14.45 − 5(t − 1.3)²

கழிக்கப்படுவது ஒரு வர்க்கம், அது பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாது. அதனால் 14.45 மீட்டரைத் தாண்ட வழியே இல்லை, அந்த உயரம் வருவது 1.3-ஆவது வினாடியில். தரைக்கு (t − 1.3)² = 2.89, அதன் வர்க்கமூலம் 1.7. ஆக 1.3 + 1.7 = 3. ஏற 1.3, இறங்க 1.7. இரண்டு கேள்விக்கும் விடை ஒரே வரியில் உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாவது வழியான இருபடிச் சூத்திரம் எந்த எண்ணுக்கும் வேலை செய்யும். தன்மைகாட்டி 169 + 120 = 289, மூலம் 17, t = (13 + 17) ÷ 10 = 3. ஆனால் இதைப் பிள்ளைகள் மந்திரம் போல ஒப்பிக்கிறார்கள். அதைப் பிரித்துப் பார்த்தால் 13/10 என்பது உச்சிக்குப் போகும் நேரம், 17/10 என்பது உச்சியிலிருந்து தரைக்கு விழும் நேரம். உச்ச உயரமும் அதற்குள்ளேயே இருக்கிறது: தன்மைகாட்டியை 4a-ஆல் வகுத்தால் 289 ÷ 20 = 14.45. வர்க்கப் பூர்த்தியிலிருந்துதானே சூத்திரமே பிறந்தது, அதனால் இதில் அதிசயம் இல்லை. 9.8 வைத்தாலும் இதே பாதைதான். தன்மைகாட்டி 286.6, விழும் நேரம் சுமார் 3.05 வினாடி, உச்சம் சுமார் 14.62 மீட்டர். அந்த 0.05 வினாடி வித்தியாசம் போன் ஸ்டாப்வாட்சை அமுக்கும் விரலின் தாமதத்திலேயே கரைந்துவிடும். காற்றுத் தடை இந்தச் சமன்பாட்டில் கிடையாது. இறகுப் பந்துக்கு இதைப் போட்டால் விடை பொய்.

அன்றைக்கு வந்த தவறுகளில் முக்கியமானது, "ஏற 1.3 என்றால் இறங்கவும் 1.3, மொத்தம் 2.6" என்பது. 2.6-இல் h எவ்வளவு என்று போட்டுப் பார்க்கச் சொன்னேன். 6 வந்தது. பந்து மாடி மட்டத்துக்குத்தான் திரும்பியிருக்கிறது, தரை இன்னும் 6 மீட்டர் கீழே. எறிந்த இடத்தைவிடத் தாழ்வான இடத்தில் விழுந்தால், மொத்த நேரம் உச்ச நேரத்தின் இரு மடங்கைவிடக் கூடத்தான் இருக்க வேண்டும். விடையை உடனே சோதிக்க இது போதும்.

காரணிப்படுத்தலைத் தேர்வில் எண்கள் ஒத்துவந்தால் மட்டும் தொடுங்கள் என்பேன். எண் முரண்டு பிடித்தால் சூத்திரம். உச்சத்தைப் பற்றிய கேள்வி இருந்தாலே வர்க்கப் பூர்த்தி.

கடைசியில் ஒரு பையன் ஜன்னல் வழியாகக் கரும்பனையைக் காட்டி, "மாஷே, 15 மீட்டர் பனை உச்சியை இந்தப் பந்து தொடுமா?" என்றான். காரணி தேடியவர்கள் தேடிக்கொண்டே இருந்தார்கள். வர்க்கப் பூர்த்தி வரியில் h-க்கு 15 போட்டவள், வர்க்கம் −0.11 என்று வந்ததும் பேனாவை மூடிவிட்டாள்.