வரிசை முக்கியமா? நான் நம்பியிருக்கும் இடமாற்றுச் சோதனை

மட்டக்களப்பில் போட்டிப் பரீட்சைகளுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்குப் பல வருடங்களாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். உளச்சார்பு வினாத்தாளில் வரிசையைக் கணக்கில் எடுக்கும் வரிசைமாற்றமும், வரிசையைப் பாராமல் எண்ணும் சேர்மானமும் வந்தால் சூத்திரம் எல்லோருக்கும் நினைவிருக்கும்; எதைப் போடுவது என்பதில்தான் தடுமாற்றம். "தெரிவு" என்று கண்டதும் சேர்மானத்தைப் போடுகிறார்கள். ஒன்பது பேரில் தலைவர், செயலாளர், பொருளாளர் என மூவரைத் தெரிவுசெய்வதும் தெரிவுதான். ஆனால் விடை 9 × 8 × 7 = 504; சேர்மானம் தரும் 84 அல்ல.

நான் இன்றுவரை கைவிடாத வழி இதுதான்: ஒரு விடையைப் பெயர்களுடன் தாளில் எழுதி, இரண்டு பெயர்களை இடம் மாற்றிப் பார்ப்பேன். தலைவரும் செயலாளரும் மாறினால் நிர்வாகமே வேறு, எனவே வரிசை உண்டு. பதவியில்லாத மூவர் குழுவில் பெயர்களை எப்படி மாற்றினாலும் அதே குழுதான். சாதாரணக் கணக்குகளுக்கு இது அரை நிமிட வேலை.

இதன் உண்மையான பயன் தெரிவது "குறைந்தது" என்ற நிபந்தனை வரும் இடத்தில். ஆரையம்பதியில் ஒரு வாசிகசாலைக்கு 5 பெண்கள், 4 ஆண்களிலிருந்து நால்வர் குழு அமைக்க வேண்டும்; குறைந்தது 2 பெண்கள் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். "முதலில் 2 பெண்களை எடுத்துவிட்டால் மீதி 7 பேரில் எந்த இருவரும் வரலாம்தானே, அக்கா?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 10 × 21 = 210. ஆனால் நிபந்தனை எதுவுமின்றி ஒன்பது பேரில் நால்வரை எடுப்பதற்கே 126 வழிகள்தான் உண்டு.

பெயர்களை எழுதினால் காரணம் தெரியும். முதலில் மலர், ராணி. பிறகு சுதா, குமார். இப்போது ராணியையும் சுதாவையும் இடம் மாற்றுங்கள். குழு மாறவில்லை, ஆனால் நம் எண்ணிக்கையில் அது புதிய ஒன்றாக ஏறிவிட்டது. "முதலில்", "பிறகு" என்று பிரித்தபோதே, கேள்வியில் இல்லாத வரிசையை நாமே நுழைத்துவிட்டோம். மூன்று பெண்கள் உள்ள குழு மூன்று தடவையும், நான்கு பெண்கள் உள்ள குழு ஆறு தடவையும் எண்ணப்படுகிறது. சரியான வழி, பெண்களின் எண்ணிக்கைப்படி பிரிப்பது: இரண்டுக்கு 60, மூன்றுக்கு 40, நான்குக்கு 5, மொத்தம் 105.

மொத்த எண்ணிக்கையைத் தாண்டுகிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. "குறைந்தது 3 பெண்கள்" என்று கேட்டால் அதே தவறான வழி 10 × 6 = 60 என்று தரும். அது 126-ஐத் தாண்டாது. பல்தேர்வு விடைகளில் அதுவும் ஒன்றாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தெரிவுசெய்துவிடுவோம். நான்கு பெண்கள் உள்ள ஒரு குழுவை எழுதி இடம் மாற்றிப் பார்த்தால், அது நான்கு தடவை எண்ணப்பட்டிருப்பது பிடிபடும். விடை 40 + 5 = 45.