குரோம் படமா, ஃபயர்பாக்ஸ் படமா: மார்ஜின், பேடிங் பெட்டியைப் படிக்கும் விதம்

புதிதாக வெப் டிசைன் கற்கும் தம்பி ஒருவர் போன வாரம் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தார். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் ஒரு பெட்டியின் மார்ஜின், பார்டர், பேடிங் எல்லாவற்றையும் அடுக்கடுக்காக வரைந்து காட்டும் படம் அதில் இருந்தது. "அண்ணா, அகலம் 300 என்றுதானே கொடுத்தேன், 344 என்று வருகிறது. அப்புறம் 328 என்று ஒன்று இருக்கிறது, அதை நான் எழுதவே இல்லை" என்று கேட்டார். அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

```css
.card {
  width: 300px;
  padding: 16px 20px;
  border: 2px solid #999;
  margin: 0 auto 24px;
}
```

படம் குரோமில் எடுத்தது. அதே பக்கத்தை ஃபயர்பாக்ஸிலும் திறந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே பெட்டியை இரண்டு பிரவுசரும் காட்டும் விதத்தில் நல்ல வித்தியாசம் இருக்கிறது.

முதலில் நிறம். குரோமில் வெளியிலிருந்து உள்ளே வந்தால் மார்ஜின் ஆரஞ்சு, பார்டர் மஞ்சள், பேடிங் பச்சை, நடுவே கன்டென்ட் நீலம். ஃபயர்பாக்ஸில் மார்ஜின்தான் மஞ்சள். பார்டர் கரும்சாம்பல், பேடிங் ஊதா, கன்டென்ட் வெளிர்நீலம். குரோமில் பழகியவர் ஃபயர்பாக்ஸ் படத்தில் மஞ்சளைக் கண்டதும் பார்டர் என்று நினைத்துவிடுவார். அதனால் நிறத்தை மனப்பாடம் செய்யாதீர்கள். எந்தப் பிரவுசரானாலும் வெளியே மார்ஜின், அடுத்து பார்டர், அதற்குள் பேடிங் என்ற வரிசை மாறவே மாறாது.

சரி, 344க்கு வருவோம். குரோமில் Computed பகுதியில் இருக்கும் படத்தின் நடுவில் 300 என்றுதான் இருக்கும். அது கன்டென்டின் அகலம் மட்டும். டெவலப்பர் டூல்ஸின் அம்புக்குறி பட்டனை அழுத்திவிட்டு, வலைப்பக்கத்தில் அந்தப் பெட்டியின் மேல் மவுஸை வைக்கும்போது வரும் சிறு குறிப்பில்தான் 344 தெரியும். அது பார்டர் வரைக்குமான அளவு: 300, இரு பக்கப் பேடிங் 40, இரு பக்க பார்டர் 4. மார்ஜின் இதில் சேராது. தம்பியின் ஸ்கிரீன்ஷாட்டில் இரண்டும் விழுந்திருந்ததால்தான் குழப்பம். இரண்டுமே சரியான எண்கள், அளந்த இடம்தான் வேறு.

ஃபயர்பாக்ஸில் Layout பகுதிக்குள் Box Model படம் இருக்கிறது. நடுவில் 300, படத்துக்குக் கீழே மொத்த அளவு 344. அதற்கும் கீழே box-sizing என்ன என்றும் எழுதியிருக்கும். இந்த ஒரு வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஏனென்றால் box-sizing: border-box என்று மாற்றினால் 300 என்பது பார்டரையும் சேர்த்த அளவாகிவிடும். அப்போது படத்தின் நடுவில் 256 என்று வரும், மொத்தம்தான் 300. box-sizing தெரியாமல் 256ஐப் பார்த்தால் அகலம் எங்கோ தொலைந்ததாகவே தோன்றும். குரோமில் இதைத் தெரிந்துகொள்ள Computed பட்டியலில் கீழே போய்த் தேட வேண்டும். நாம் எதுவும் கொடுக்காமல் விட்டிருந்தால் Show all டிக் செய்தால்தான் அந்த வரி கண்ணில் படும்.

இனி 328. கார்டைத் தாங்கும் பெட்டியின் அகலம் 1000. இடது, வலது மார்ஜினுக்கு auto என்று கொடுத்திருப்பதால், அதில் 344 போக மிச்சம் 656 இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகப் போகிறது. குரோம் கணக்குப் போட்டு முடித்த எண்ணைக் காட்டுகிறது. ஃபயர்பாக்ஸ் அதே இடத்தில் auto என்றே காட்டும். எழுதியதும் படமும் ஒத்துப்போவதால் புதியவருக்கு ஃபயர்பாக்ஸ் எளிது. ஆனால் எத்தனை பிக்சல் என்று அளக்க வேண்டுமானால் குரோம்தான் வசதி. மேல் மார்ஜின் 0 என்பதை குரோம் ஒரு சிறு கோடாகவும் ஃபயர்பாக்ஸ் 0 என்றும் காட்டும். கோடு இருந்தால் ஏதோ விடுபட்டது என்று பயப்பட வேண்டாம்.

ஆக, கற்பவர் எனக்கு அனுப்புவதானால் ஃபயர்பாக்ஸ் படத்தையே கேட்பேன். மொத்தம், உள்ளளவு, box-sizing, auto எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு படமும் கைவிடும். கார்டுக்குக் கீழே ஒரு p இருக்கிறது, அதன் மேல் மார்ஜின் 16. கார்டின் படம் கீழே 24 என்கிறது, p-யின் படம் மேலே 16 என்கிறது. கூட்டினால் 40 வரும். வலைப்பக்கத்தில் உண்மையில் இருக்கும் இடைவெளியோ 24தான். இப்படிச் சாதாரணமாக மேலும் கீழுமாக அடுத்தடுத்து வரும் பெட்டிகளின் மார்ஜின்கள் கூடுவதில்லை, பெரியதுக்குள் சிறியது அடங்கிவிடும். ஒரு பெட்டியின் படம் பக்கத்துப் பெட்டியைப் பற்றிச் சொல்லாது. கார்டின் மேல் மவுஸை வைத்து ஒரு ஸ்கிரீன்ஷாட், p-யின் மேல் வைத்து இன்னொன்று எடுத்துப் பாருங்கள். இரண்டு மார்ஜின் பட்டையும் ஒரே இடத்தில் விழுந்திருப்பது தெரியும்.