GSTR-9: மாத மொத்தமா, பில் பில்லாகவா?

ஜிஎஸ்டி ஆண்டுக் கணக்கான GSTR-9-ஐப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்க இரண்டு வழிகள்: மாத மொத்தங்களை, வரி கட்டும் கணக்கான GSTR-3B உடன் ஒப்பிடுவது, அல்லது விற்பனைப் பதிவேட்டை, விற்பனை பில்களைக் காட்டும் GSTR-1 உடன் பில் வாரியாகப் பொருத்துவது.

நேரம்
மாத மொத்தம்: 12 மாதத் தொகைகள்தான், ஒரு மாலையில் முடியும்.
பில் வாரி: பில் எண், வாங்குபவரின் ஜிஎஸ்டி எண், வரிக்குரிய மதிப்பு மூன்றையும் பொருத்த வேண்டும். நாட்கள் ஆகும்.

பிழை
மாத மொத்தம்: மார்ச் புத்தகத்தில் 8,40,000, GSTR-3B-யில் 7,90,000 என்றால் 50,000 இடிக்கிறது என்று உடனே தெரியும். அந்த 50,000-க்கான பில்லை ஏப்ரலில் காட்டி வரி கட்டியிருந்தால் GSTR-9-இன் 10-ஆம் அட்டவணையில் போடலாம். எங்குமே காட்டவில்லை என்றால் 18% வரி 9,000, வட்டியோடு DRC-03 என்ற கட்டணப் படிவம் வழியாகக் கட்ட வேண்டும்.
பில் வாரி: ஒரு 50,000 பில் விடுபட்டு, அதே மதிப்புள்ள இன்னொன்று இரண்டு தடவை ஏறியிருந்தால் மொத்தம் சரியாகவே வரும். பில் விடுபட்ட வாங்குபவருக்கு மட்டும், அவர் வரி வரவைக் காட்டும் GSTR-2B-யில் பில் வராது, வரவு கிடைக்காது. இதைப் பிடிப்பது இந்த வழி மட்டுமே.

சில்லறை விற்பனைதான் பெரும்பாலும் என்றால் மாத மொத்தமே போதும். வணிகர்களுக்கு விற்பவர்கள் பில் வாரியாகத்தான் பார்க்க வேண்டும், அதுவும் அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30-க்குள். அப்புறம் GSTR-1-இல் பழைய பில்லைத் திருத்த வழியில்லை. GSTR-9-க்கு டிசம்பர் 31 வரை நேரம் இருக்கிறதே என்று காத்திருந்தால் வாங்கியவரின் வரவு போய்விடும்.