ரூத் புத்தகத்தில் ‘தயை’யைத் தேடினால்: ஒத்தவாக்கியம், சொல் தேடல், ஸ்ட்ராங் எண்

வேதாகமத்தில் ஒரு சொல்லை முதலிலிருந்து கடைசிவரை தொடர்ந்துபோக மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஒவ்வொரு சொல்லும் வருகிற வசனங்களைத் தொகுத்து அச்சில் வந்த தமிழ் ஒத்தவாக்கியம். இரண்டு, கைபேசியில் தமிழ் வேதாகமத்தைத் திறந்து சொல் தேடுவது. மூன்று, மூலமொழிச் சொற்களுக்கு எண் கொடுத்திருக்கும் ஸ்ட்ராங் முறை. வேதபாடம் தயாரிக்கிற பலர் கையில் எது கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் மூன்றும் தேடுகிற பொருளே வேறு வேறு. முதல் இரண்டும் மொழிபெயர்ப்பாளர் எழுதிய தமிழ்ச் சொல்லைத் தேடுகின்றன. மூன்றாவது, அதற்குப் பின்னால் நிற்கிற எபிரெய, கிரேக்கச் சொல்லைத் தேடுகிறது.

நான்கே அதிகாரம் உள்ள ரூத் புத்தகத்தை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். நகோமி தன் மருமக்களை வாழ்த்தி அனுப்பும் 1:8-இல் “கர்த்தர் உங்களுக்கும் தயைசெய்வாராக” என்கிறாள். அங்கே எபிரெயத்தில் இருக்கும் சொல் ‘ஹெசெட்’. உடன்படிக்கை உறவில் காட்டும் மாறாத அன்பைக் குறிக்கிற சொல். இந்த ஒரு சொல் புத்தகம் முழுவதும் எப்படிப் போகிறது என்பதுதான் கேள்வி.

பழைய திருப்புதலில், அதாவது 1871-இல் வெளியான பதிப்பில், ‘தயை’ என்று தட்டினால் ரூத்தில் 1:8, 2:2, 2:10, 2:13 வருகின்றன. பார்க்க நல்ல விளைச்சல் போலத் தெரியும். ஆனால் இரண்டாம் அதிகாரத்தின் மூன்று இடங்களிலும் “கண்களில் தயை கிடைப்பது” என்ற வழக்குதான் இருக்கிறது. அங்கே மூலச்சொல் ‘ஹேன்’. அது வேறு சொல். ஹெசெட் உண்மையில் வருகிற மற்ற இரண்டு இடங்கள் நம் பட்டியலிலேயே இல்லை. 2:20-இல் அது “தயவுசெய்கிற கர்த்தர்” என்று தயவாகிவிட்டது. 3:10-இல் போவாஸ் ரூத்தைப் பாராட்டும்போது “உன் முந்தின நற்குணத்தைப்பார்க்கிலும் உன் பிந்தின நற்குணம்” என்று நற்குணமாகிவிட்டது. ஆக, வந்த நான்கில் ஒன்றுதான் நாம் தேடியது. வரவேண்டிய மூன்றில் இரண்டு விடுபட்டுவிட்டன.

இதில் இழப்பு சின்னதல்ல. நகோமி கர்த்தரிடம் வேண்டிய ஹெசெட், கர்த்தர் காட்டிய ஹெசெட், ரூத்தே காட்டிய ஹெசெட் என்று கதையின் முதுகெலும்பே அந்த மூன்று வசனங்களில்தான் இருக்கிறது.

அப்புறம், செயலியில் ‘முழுச் சொல் மட்டும்’ என்ற விருப்பம் இருந்தால் இன்னும் கெட்டது. 1:8-இல் இருப்பது ‘தயைசெய்ததுபோல’, ‘தயைசெய்வாராக’ என்று சேர்த்து எழுதிய வடிவம். அதனால் உண்மையான அந்த ஒரு இடமும் விழுந்துபோய், ஹேன் வருகிற மூன்று வசனங்கள் மட்டும் மிஞ்சும். தமிழில் வேற்றுமை உருபும் வினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் இந்த விருப்பத்தை அணைத்துவைத்து, சொல்லின் மாறாத பகுதியை மட்டும் தட்ட வேண்டும். ‘இரக்கம்’ என்று தட்டினால் ‘இரக்கத்தை’ வராது. ‘இரக்க’ என்று நிறுத்தினால் வரும். ஆனால் ரொம்பவும் குறைத்துவிட்டால் தேவையில்லாதது சேரும். ‘கிருப’ என்று தேடிப் பாருங்கள், உடன்படிக்கைப் பெட்டியின் மேலிருந்த கிருபாசனமும் வரிசையில் வந்து நிற்கும்.

இந்த இடத்தில் அச்சு ஒத்தவாக்கியம் நன்றாகவே ஈடுகொடுக்கிறது. அதைத் தொகுத்தவர் மனிதர் என்பதால் உருபேற்ற வடிவங்களை ஒரே தலைச்சொல்லின் கீழ் சேர்த்துவிடுகிறார். வசனத்தின் ஒரு துண்டும் பக்கத்திலேயே இருக்கும். ஒரு பக்கத்தைக் கண்ணால் மேய்ந்தாலே எந்தப் புத்தகத்தில் சொல் அடர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆனாலும் அது ஒரே ஒரு மொழிபெயர்ப்புக்குக் கட்டுப்பட்டது. பழைய திருப்புதலில் 136-ஆம் சங்கீதம் 26 வசனங்களிலும் “அவர் கிருபை என்றுமுள்ளது” என்கிறது. திருவிவிலியத்தில் அதே இடத்தில் பேரன்பு. ஒன்றுக்குத் தொகுத்த ஒத்தவாக்கியம் மற்றதற்கு உதவாது. ‘தயை’, ‘நற்குணம்’ என்று பிரிந்துபோன ஹெசெட்டை ஒன்றுசேர்க்கவும் அதனால் முடியாது.

ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-இல் வெளியிட்ட ஆங்கில ஒத்தவாக்கியம் இந்தச் சிக்கலை எண்ணால் தீர்த்தது. ஹெசெட்டின் எண் H2617. இன்று ‘புளூ லெட்டர் பைபிள்’, ‘ஸ்டெப் பைபிள்’ போன்ற இலவசத் தளங்களில் ரூத் 1:8-ஐத் திறந்து அந்தச் சொல்லின்மேல் தட்டினால், பழைய ஏற்பாடு முழுவதும் அது வருகிற வசனங்களின் பட்டியல் கிடைக்கும். ஆங்கிலம் அதிகம் தெரிய வேண்டியதில்லை. வசன எண்களை மட்டும் குறித்துக்கொண்டு தமிழ் வேதாகமத்தில் வாசிக்கலாம். வாசிக்கும்போது ஒவ்வொன்றின் எதிரிலும் தமிழில் என்ன சொல் இருக்கிறது என்று எழுதிவையுங்கள். அதுதான் இந்த வேலையின் பலன். யாத்திராகமம் 34:6-இல் “இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும்” என்று வருகிறது. இதில் தயைதான் ஹெசெட். அந்தக் கிருபையும் இரக்கமும் வேறு மூலச்சொற்கள். அடுத்த வசனத்திலேயே “ஆயிரம் தலைமுறைகளுக்கு இரக்கத்தைக் காக்கிறவர்” என்கிறபோது அங்கே இரக்கம் ஹெசெட். தமிழை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பிரித்தறிய வழியே இல்லை.

அதனால் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எண்ணைத்தான் சொல்வேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ஸ்ட்ராங் ஒரே எழுத்துள்ள இரண்டு சொற்களை ஒரே எண்ணில் போட்டுவிட்டார். நீதிமொழிகள் 14:34-இல் “பாவமோ எந்த ஜனத்துக்கும் இகழ்ச்சி” என்கிற இகழ்ச்சிக்கும் எண் H2617தான். லேவியராகமம் 20:17-உம் அப்படியே. விரிவான எபிரெய அகராதிகள் இதைத் தனிச் சொல்லாகப் பிரித்துக் காட்டுகின்றன. பட்டியலில் ஒரு வசனம் மற்றவற்றோடு ஒட்டாமல் நின்றால், பொருளை வலிந்து பொருத்தாமல் அகராதியைப் பார்ப்பதே சரி.

எண்ணிக்கையும் ஏமாற்றும். ஹெசெட் வருகிற இடங்களில் ஏறக்குறைய பாதி சங்கீதங்களில் இருக்கிறது. அதில் 26, மேலே சொன்ன ஒரே சங்கீதத்தின் பல்லவி. பல்லவியில் திரும்பத் திரும்ப வருவதற்கும், ரூத்தில் மூன்றே இடங்களில் கதையைத் தாங்கி நிற்பதற்கும் ஒரே எடை போட முடியாது.

கடைசியாக, எண் புதிய ஏற்பாட்டின் வாசலில் நின்றுவிடும். அங்கே கிரேக்கச் சொற்களுக்கு வேறு எண் வரிசை. H2617-இலிருந்து நேராக ஒரு வசனத்துக்கும் போக முடியாது. பாலமாக இருப்பது பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்த். அதில் ஹெசெட்டுக்குப் பெரும்பாலும் ‘எலெயோஸ்’ என்ற சொல் வரும். ஸ்ட்ராங் எண் G1656. ஓசியா 6:6-இல் “பலியை அல்ல இரக்கத்தையும்” என்பதில் இருப்பது ஹெசெட். மத்தேயு 9:13-இலும் 12:7-இலும் இயேசு அதை எடுத்துச் சொல்லும்போது இருப்பது எலெயோஸ். இந்த ஓர் இடத்தில் தமிழ்ச் சொல் தேடல் எண்ணை முந்திக்கொள்கிறது. ‘இரக்கத்தை’ என்று தட்டினால் ஓசியாவும் மத்தேயுவும் ஒரே பட்டியலில் வந்துவிடும், ஏனென்றால் மொழிபெயர்ப்பாளர் இரண்டு இடத்திலும் ஒரே சொல்லைப் போட்டிருக்கிறார்.