தளம் முடங்கி எழும்போது பதிவு வரிசை என்ன ஆகிறது: ஒரு நெடுநாள் பயனரின் அனுபவம்

சமூக ஊடகத் தளங்களுக்கான பதிவுகளை முன்கூட்டியே வரிசையில் வைத்து, குறித்த நேரத்தில் வெளியிடும் செயலி ஒன்றை நான் பயன்படுத்துகிறேன். அதன் சந்தா விலை இப்போது குறைந்திருக்கிறது. ஒரு கல்விப் பக்கத்தை நடத்தும் நண்பர், "எடுக்கலாமா? நீ ரொம்ப நாளாக வைத்திருக்கிறாயே" என்று கேட்டார். நாள்காட்டி, படம் ஏற்றும் வசதி, பல கணக்குகளை ஒரே இடத்தில் பார்ப்பது எல்லாம் அவருக்குத் தெரியும், எதிலும் குறை சொல்ல முடியாது. அதனால் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான் அவருக்கு எழுதினேன். தளம் முடங்கும்போதும் அது திரும்ப எழும்போதும் இந்தச் செயலி என்ன செய்கிறது என்பதுதான் அது. விரிவாக்கி இங்கே தருகிறேன்.

முதலில் என் கோபம். ஒரு தளம் சில மணி நேரம் முடங்குகிறது. அந்த நேரத்தில் போக வேண்டிய பதிவுகள் தோற்றுப்போகின்றன. செயலி ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப முயல்கிறது. முதலில் ஒரு நிமிடம் கழித்து, அப்புறம் இரண்டு, நான்கு, எட்டு என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போகும். தளத்தின் சர்வரை நெருக்காமல் இருக்க இது நல்ல முறைதான். ஆனால் ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனிக் கடிகாரம் ஓடுகிறது. வரிசையில் முன்னால் யார், பின்னால் யார் என்பது அந்தக் கடிகாரங்களுக்குத் தெரியாது. இடைவெளிக்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. அதனால் தளம் உயிர்பெற்றதும் தேங்கியவை எல்லாம் சில நிமிடங்களுக்குள் அடுத்தடுத்துப் போய் விழுகின்றன. மாலையில் கைபேசியைத் திறப்பவருக்கு ஒரே பக்கத்திலிருந்து நான்கு அறிவிப்புகள். காலை வணக்கம் மாலையில் வருகிறது, கேள்விக்கு முன்னால் விடை வருகிறது. மியூட் பொத்தானை அழுத்த அவருக்கு ஒரு விநாடி போதும், அதை அவர் பிறகு நீக்கவே மாட்டார்.

திரும்ப முயலும் முறை சர்வரைக் காப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. படிப்பவரைக் காக்கும் வேலையை அது செய்யாது. இதைப் புரிந்துகொண்ட செயலி, ஒரு கணக்குக்கு ஒரே ஒரு வாசலைத்தான் வைக்கும். முன்னால் நிற்கும் பதிவு போகாத வரை அடுத்தது முயலவே கூடாது, போன பிறகும் குறைந்தபட்ச இடைவெளி கழியாமல் அடுத்தது கிளம்பக் கூடாது. நான் வைத்திருக்கும் செயலியில் இது தானாக நடப்பதில்லை. கையால் நிறுத்தினால்தான் உண்டு.

நிறுத்துவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: விழுந்தது தளமா, நம் அனுமதியா? ஒரே தளத்தில் உள்ள எல்லாக் கணக்குகளும் ஒன்றாகத் தோற்று, மற்றத் தளங்கள் நன்றாக இருந்தால் பெரும்பாலும் தளம்தான். ஒரு கணக்கு மட்டும் தோற்று, பிழையாக `401` அல்லது பேஸ்புக் குடும்பத்தில் `190` வந்தால், கணக்கைத் தொடச் செயலிக்கு நாம் கொடுத்த அனுமதிச் சாவியான டோக்கன் காலாவதியாகியிருக்கிறது அல்லது செல்லாமல் போயிருக்கிறது. அதற்கு வரிசையை நிறுத்திக் காத்திருந்து பயனில்லை, திரும்ப இணைக்க வேண்டியதுதான். இந்த வேறுபாட்டைச் செயலி தெளிவாகக் காட்டுகிறது. பிழை எண்ணை மறைக்காமல் பதிவின் மேலேயே எழுதுகிறது. இதற்காக அதைப் பாராட்ட வேண்டும். பல செயலிகள் 'ஏதோ தவறு நடந்துவிட்டது' என்பதோடு நிறுத்திக்கொள்ளும்.

பிழையின் வகை இன்னொன்றையும் சொல்கிறது, அதுதான் முக்கியமானது: அந்தப் பதிவு உண்மையிலேயே போகவில்லையா? 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் 6 மணி நேரம் இணையத்திலிருந்தே காணாமல் போயின. அவற்றின் முகவரிகளைக் கூடக் கண்டறிய முடியவில்லை. அப்படிப்பட்ட முடக்கத்தில் நம் பதிவு சர்வரின் வாசலையே தொட்டிருக்காது, கவலையில்லாமல் திரும்ப அனுப்பலாம். ஆனால் பாதி உயிரோடு தளம் தள்ளாடும்போது `504` பிழையோ, பதில் வராமலே காத்திருக்கும் நேரம் தீர்ந்துபோகும் வெறும் நேரமுடிவோ வரும். அப்போது பதிவு உள்ளே போய்ச் சேர்ந்திருக்கலாம், 'சேர்ந்தது' என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். செயலி அதைத் தோல்வி என்று குறித்துக்கொண்டு திரும்ப அனுப்பினால் ஒரே பதிவு இரண்டு முறை வரும். மஸ்டடான் என்ற சமூக ஊடகத் தளம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பதிவோடு `Idempotency-Key` என்ற அடையாளத்தை அனுப்பினால், அதே அடையாளத்தோடு வரும் இரண்டாவது முயற்சியைப் புதுப் பதிவாக்காது. ஆனால் அந்த நினைவு ஒரு மணி நேரம் வரைதான். நீண்ட முடக்கத்துக்குப் பின் கண்ணால் பார்த்துச் சரிபார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சமீபத்திய முடக்கத்தில் நான் செய்ததை அப்படியே சொல்கிறேன். நான் கவனிக்கும் பக்கத்தில் வாரநாட்களில் எட்டுப் பதிவுகள் போகும்: காலை 9, 10.30, 12, பிற்பகல் 1.30, 3, 4.30, மாலை 6, இரவு 8. காலை 9 மணிப் பதிவு போய்விட்டது. பத்து மணிக்கு மேல் தளம் தள்ளாட ஆரம்பித்தது. 10.30 பதிவு நேரமுடிவில் தோற்றது. அதைப் பார்த்ததும் அந்தத் தளத்தின் வரிசையை மட்டும் நிறுத்தினேன். முன்பெல்லாம் நிறுத்தினால் எல்லாத் தளங்களும் நின்றுவிடும். இப்போது தனித்தனியாக நிறுத்த முடிகிறது, பெரிய முன்னேற்றம் இது. அதோடு தோற்ற பதிவைத் திரும்ப முயல்வதையும் அணைத்தேன். வரிசையை நிறுத்தினால் ஏற்கெனவே தோற்றவற்றின் கடிகாரம் நிற்காது என்பதைப் புதிதாக வாங்குபவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாலை 4.10-க்குத் தளம் திரும்பியது. ஆனால் எழுந்தவுடன் தளம் முழு ஆரோக்கியத்தோடு இருக்காது. உலகத்தில் உள்ள எல்லாச் செயலிகளும் ஒரே நேரத்தில் தேங்கியதைக் கொண்டுபோய்க் கொட்டும். அளவுக்கு மீறி வருகிறாய் என்று சொல்லும் `429` என்ற மறுப்பு வரலாம். அதோடு `Retry-After` வந்தால், அதில் சொன்ன நேரம் வரை சும்மா இருப்பதுதான் சரி. பதிவு போனாலும் படம் தெரியாமல் இருக்கலாம், எண்ணிக்கைகள் பழையதாகவே இருக்கலாம். அதனால் முதலில் பக்கத்தையே திறந்து பார்த்தேன். தோற்றதாகக் குறிக்கப்பட்ட 10.30 பதிவு அங்கே இருந்தது! அதை 'வெளியானது' என்று கையால் மாற்றினேன். பிறகு 4.30-க்கு வழக்கமாகப் போக வேண்டிய பதிவை மட்டும் விட்டேன். தேங்கியதில் ஒன்றைச் சோதனைக்கு அனுப்புவதைவிட இது நல்லது, அந்த நேரத்தில் ஒரு பதிவு வருவது படிப்பவருக்கு இயல்பானதுதானே. அது படத்தோடு ஒழுங்காகத் தெரிந்தது.

மீதம் மூன்று. 12 மணிப் பதிவு, 2 மணி நேரலைக்கான நினைவூட்டல். நேரம் கடந்துவிட்டது, அதை நீக்கினேன். 1.30 பதிவு ஒரு கேள்வி, அதன் விடை அன்றிரவு 8 மணிக்கு இருந்தது. இவை ஜோடி, பிரிக்கவும் கூடாது, நெருக்கவும் கூடாது. கேள்வியை 6 மணிக்கு வைத்தேன், விடையை மறுநாள் காலை 9-க்குத் தள்ளினேன். 6 மணிக்கு இருந்த பதிவு காலியான 8 மணி இடத்துக்குப் போனது. 3 மணி விளக்கப் பதிவுக்கு அவசரமே இல்லை. அதையும், விடைக்காக இடம் கொடுத்த மறுநாள் 9 மணிப் பதிவையும், ஐந்து பதிவுகள் மட்டுமே போகும் சனி, ஞாயிறில் ஆளுக்கொரு நாளாக வைத்தேன். அன்று மொத்தம் ஐந்து பதிவுகள்தான் வந்தன. வழக்கத்தைவிடக் குறைவு, அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. தேங்கியதை அன்றே தீர்த்துவிட வேண்டும் என்ற அவசரம் நமக்குத்தான் இருக்கிறது, படிப்பவருக்குக் கிடையாது.

இந்த இடமாற்றத்தில்தான் செயலி என்னைப் பெரிதும் மகிழ்விக்கிறது. ஒரு பதிவை வரிசையின் நடுவில் செருகினால் பின்னால் உள்ளவை தானாக அடுத்த இடங்களுக்கு நகரும், ஆனால் பூட்டு போட்ட பதிவுகள் அசையாது. தேதி சார்ந்த அறிவிப்புகளைப் பூட்டிவிட்டு மற்றதை எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளலாம். அத்தனை மாற்றத்தையும் ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிட்டேன். நான் முயன்று பார்த்த வேறெந்தச் செயலியிலும் இது இவ்வளவு சுத்தமாக இல்லை.

நீண்ட முடக்கமானால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். இன்ஸ்டாகிராமுக்கு ஒரு பதிவு போவது இரண்டு படியில்: முதலில் படத்தோடு ஒரு கொள்கலன் உருவாகும், பிறகு அதை வெளியிடச் சொல்ல வேண்டும். வெளியிடாத கொள்கலன் 24 மணி நேரத்தில் `EXPIRED` ஆகிவிடும். நிறுத்தி வைத்ததை மறுநாளைக்கு மேல் விட்டால் சில சமயம் இந்தப் பிழை வருகிறது. பதிவை நகலெடுத்துப் புதிதாக வைத்தால் சரியாகிவிடும்.

சரி, தீர்ப்புக்கு வருகிறேன். நிறுத்திய வரிசையை மறுபடி தொடங்கும்போது செயலி ஒரு பெட்டியைக் காட்டுகிறது. அதில் மூன்று வழிகள்: தவறியவற்றை உடனே வெளியிடு, அடுத்த காலி இடங்களுக்கு நகர்த்து, வரைவாக வை. முன்கூட்டியே தேர்வாகி நிற்பது முதல் வழி. எத்தனை புதுப்பிப்பு வந்தும் இது மாறவில்லை. அமைப்புகளில் மாற்றவும் இடமில்லை. நான் எழுதிக் கேட்டதற்கு 'பெரும்பாலான பயனர்கள் இதையே விரும்புகிறார்கள்' என்று பதில் வந்தது. நான் விரும்பவில்லை. ஒரு நாள் முழுக்கக் கவனமாக நிறுத்தி வைத்த வேலையை, களைத்த மாலையில் ஒரே ஒரு தட்டலில் கொட்டிவிடும்படி அந்தப் பெட்டி இருக்கிறது. இவ்வளவு நல்ல வரிசையைக் கட்டியவர்கள் அதன் வாசலில் இப்படி ஒன்றை வைத்திருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நண்பருக்கு நான் எழுதிய பதில் இதுதான்: நாளுக்கு ஒன்றிரண்டு பதிவு என்றால் தாராளமாக எடு. உன் பக்கம் போல ஏழெட்டு என்றால், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து நடத்துகிறார்கள் என்றால், விலை எவ்வளவு குறைந்தாலும் இப்போது வேண்டாம். முடக்கம் முடிந்த நேரத்தில் அந்தப் பெட்டியை யார் திறப்பார் என்று சொல்ல முடியாது. என் சந்தாவை நான் புதுப்பித்துவிட்டேன், அந்தப் பூட்டு வசதிக்காக மட்டும். தொடங்கும் பொத்தானை என்னைத் தவிர யாரும் தொடாதபடி மற்றவர்களின் அனுமதியைக் குறைத்து வைத்திருக்கிறேன்.