கிலோ 195 ரூபாயா, 210 ரூபாயா: பன்னிரண்டு பெட்டிக்கு வந்த இரண்டு கொட்டேஷன்

திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனி நடத்துபவர்களுக்கு விமானச் சரக்குக் கட்டணம் அடிக்கடி கண்ணில் படாது. ஆர்டர் பெரும்பாலும் எஃப்.ஓ.பி., சரக்கு போவது கப்பலில், ஏஜென்டை நியமிப்பவர் பையர், கட்டணமும் அவருடையது. சாயப்பட்டறையில் பத்து நாள் தாமதமானால்தான் கதை மாறும். "விமானத்தில் அனுப்புங்கள், செலவு உங்களுடையது" என்று மெயில் வரும். எனக்கு அப்படித்தான் வந்தது. குழந்தைகளுக்கான ஃப்ளீஸ் செட், 624 செட், 12 பெட்டி, சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையம் வரை. அங்கே இறக்கி எடுப்பது பையர் பொறுப்பு.

இரண்டு ஏஜென்டுகளிடம் விலை கேட்டேன். முதலாமவர் கிலோ 195 ரூபாய் என்றார், இரண்டாமவர் 210. இருவர் விலையிலும் எரிபொருள், பாதுகாப்புக் கூடுதல் கட்டணங்கள் அடக்கம். திருப்பூரிலிருந்து லாரி, கஸ்டம்ஸ் கிளியரன்ஸ், டெர்மினல் செலவு எல்லாம் இருவரிடமும் ஏறக்குறைய ஒன்றுதான், அதை விட்டுவிடலாம். நான் 210-ஐத் தேர்ந்தெடுத்தேன். முதலாமவர் விடவில்லை. "கிலோவுக்கு பதினஞ்சு ரூபா கம்மியா தர்றேங்க, அப்புறம் எதுக்குங்க அவரு?" என்றார். கேள்வி நியாயமானது. பதில் விலையில் இல்லை, எத்தனை கிலோவுக்கு விலை என்பதில் இருக்கிறது.

என் பெட்டி 60 × 40 × 40 சென்டிமீட்டர், ஒன்று 12 கிலோ. பன்னிரண்டும் சேர்த்துத் தராசில் 144 கிலோ. ஃப்ளீஸ் பஞ்சு மாதிரி, எடை கம்மி, இடம் அதிகம். அதனால் தராசு எடைக்கு இங்கே வேலையில்லை. பெட்டி அடைக்கும் இடத்தை எடையாக மாற்றுவார்கள், அதுதான் வால்யூம் வெயிட். தராசு எடை, வால்யூம் வெயிட் இரண்டில் எது பெரியதோ அது சார்ஜபிள் வெயிட். பில் போடுவது அதற்கு. இது பலருக்கும் தெரிந்த விஷயம்தான். கொட்டேஷன் பார்க்கும்போது பலர் கேட்க மறப்பது, எந்த எண்ணால் வகுக்கிறீர்கள் என்பதை.

விமானச் சரக்கில் வழக்கமான வகு எண் 6000. கூரியர்காரர்கள் பொதுவாக வகுப்பது 5000-ஆல். ஏர் கார்கோ என்ற பெயரில் விலை சொல்லிவிட்டு 5000-ஆல் வகுக்கிறவர்களும் உண்டு, என் முதலாமவர் அப்படி. அவருடைய மெயிலில் கடைசி வரியில், சின்ன எழுத்தில் அது இருந்தது. கணக்கைப் போட்டுப் பாருங்கள்:

```
60 × 40 × 40 × 12 / 5000 = 230.4  →  231 × 195 = 45,045
60 × 40 × 40 × 12 / 6000 = 192    →  192 × 210 = 40,320
```

மலிவு என்று சொன்ன விலையில் 4,725 ரூபாய் கூடுதல். இதை மனக்கணக்காகவே போடலாம். சரக்கு பஞ்சு மாதிரி இலேசானது என்றால், 5000 போடுகிறவர் சொல்லும் விலையை 1.2-ஆல் பெருக்கிவிட்டு 6000-காரர் விலையோடு ஒப்பிடுங்கள். 195 என்பது உண்மையில் 234.

முதலாமவர் விலை எல்லாருக்கும் மோசம் என்று சொல்ல மாட்டேன். அதே பெட்டியில் ஜீன்ஸோ டர்க்கி டவலோ அடைத்து ஒன்று 20 கிலோ வந்தால், தராசு எடையே பெரியதாகிவிடும், வகு எண் எதுவானாலும் ஒன்றுதான். அப்போது 195 நிஜமாகவே 15 ரூபாய் மலிவு. இந்த அளவுப் பெட்டிக்கு மாறும் இடம் 17 கிலோ 800 கிராம் சுமாருக்கு வருகிறது. பெட்டி அதைவிட கனமாக இருந்தால் அவரிடம் போகலாம், இலேசாக இருந்தால் இவர். விலை கேட்கும் முன்பே ஒரு பெட்டியைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கூரியர் விலையும் ஒன்று கேட்டு வைத்திருந்தேன். வீட்டு வாசல் வரை கிலோ 290, அதுவும் 5000-ஆல் வகுத்து. 231 கிலோவுக்கு 66,990 ரூபாய். பையர் விமான நிலையத்திலேயே எடுத்துக்கொள்கிறார் என்பதால் எனக்கு இது தேவையில்லை. வாசல் வரை கொடுக்க வேண்டும் என்ற ஒப்பந்தமாக இருந்தால், அங்கே ஆகும் கிளியரன்ஸையும் வேன் வாடகையையும் ஏர் கார்கோ பக்கம் கூட்டிப் பார்க்க வேண்டும், அப்போது இடைவெளி வெகுவாகச் சுருங்கும். கூரியரில் நான் சாம்பிள் தவிர வேறு பெரிதாக அனுப்பியதில்லை, அதனால் இதற்கு மேல் அடித்துப் பேச மாட்டேன்.

ஒன்று மட்டும் சாம்பிள் அனுப்பிய அனுபவத்தில் சொல்லலாம். சில கூரியர்களில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாகப் பெரிய எடையை எடுத்துப் பிறகு கூட்டுவார்கள். ஏர் கார்கோவில் மொத்தச் சரக்கையும் ஒன்றாகப் பார்ப்பார்கள். என் 12 பெட்டியோடு ஜிப்பும் பட்டனும் அடைத்த குட்டிப் பெட்டி இரண்டு போகிறது என்று வையுங்கள், ஒன்று 14 கிலோ, 30 × 30 × 20 அளவு. வால்யூம் 3 கிலோதான். ஏர் கார்கோவில் மொத்த வால்யூம் 198, மொத்தத் தராசு எடை 172, ஆக பில் 198-க்கு. பெட்டி பெட்டியாகக் கணக்கிட்டால், அதே 6000-லேயே, 192-உம் 28-உம் சேர்த்து 220. கனமான சரக்கு இலேசான சரக்கின் நிழலில் கிட்டத்தட்ட இலவசமாகப் போவது முதல் கணக்கில் மட்டும்தான்.

சரி, 210-காரரிடம் கொடுத்தாயிற்று, 40,320 என்று எழுதியும் வைத்தாயிற்று. பில் வந்தது 45,990-க்கு. சார்ஜபிள் வெயிட் 219 கிலோ.

கோபம் வந்தது என்பது உண்மை. போன் போடுவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டேன், இப்போது எந்த பில் வந்தாலும் முதலில் அதைத்தான் போடுகிறேன். சார்ஜபிள் வெயிட்டை, நம் பேக்கிங் லிஸ்டில் உள்ள கனமீட்டரால் வகுப்பது. 12 பெட்டி 1.152 கனமீட்டர். விடை 167-ஐ ஒட்டி வந்தால் 6000-ஆல் வகுத்திருக்கிறார்கள், 200-ஐ ஒட்டி வந்தால் 5000. எனக்கு வந்தது 190. இரண்டும் இல்லை. வகு எண்ணில் ஏமாற்று இல்லை, அளவில்தான் ஏதோ மாறியிருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

சரக்கோடு போகும் ஆவணமான ஏர்வே பில்லை எடுத்துப் பார்த்தேன். ஏஜென்ட் தரும் ஹவுஸ் ஏர்வே பில்லில் விலை இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் AS AGREED என்றுதான் அச்சாகியிருக்கும், அதைப் பார்த்துப் பயனில்லை. ஆனால் பெட்டி எண்ணிக்கை, மொத்த எடை, சார்ஜபிள் வெயிட் எல்லாம் இருக்கும், சரக்கு விவரம் எழுதும் கட்டத்தில் அளவும் இருக்கும். அதில் 62 × 42 × 42 என்று இருந்தது. மூன்று பக்கமும் இரண்டிரண்டு சென்டிமீட்டர். ஒரு பெட்டி 16-லிருந்து 18.2 கிலோவாகிவிட்டது, பன்னிரண்டுக்கு 218.7, மேலே ஏற்றி 219.

ஏஜென்டிடம் ஆதாரம் கேட்டேன். டெர்மினலில் டேப் வைத்து எடுத்த போட்டோ அனுப்பினார். பெட்டியின் வயிறு வெளியே தள்ளியிருந்தது. தப்பு எங்களுடையது. பேக்கிங் லிஸ்டில் நாங்கள் எழுதியது அட்டைப்பெட்டிக்காரர் கொடுத்த உள்ளளவு. ஐந்து அடுக்கு அட்டையின் தடிமனிலேயே பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போய்விடும். மீதி, ஃபினிஷிங் ஆட்கள் 48 செட் கொள்ளும் பெட்டியில் முட்டியால் அமுக்கி 52 செட் வைத்ததில் வந்தது. பாலிபேக்கில் அடைபட்ட காற்று வேறு. அளப்பவர் மூலையில் அளக்க மாட்டார், எங்கே உப்பியிருக்கிறதோ அங்கேதான் அளப்பார்.

ஏன் தேர்வை மாற்றவில்லை என்று கேட்கலாம், 45,990 என்பது முதலாமவரின் 45,045-ஐத் தாண்டிவிட்டதே. அந்த 45,045 உப்பாத பெட்டிக்கான கணக்கு. இதே வயிறு 5000-ஆல் வகுபட்டால் 263 கிலோ, 51,285 ரூபாய். பேக்கிங்கில் தவறு நடந்தாலும் 6000-காரரிடம் தண்டம் குறைவு.

அடுத்த முறை வெளியளவு 60 × 40 × 40 வருகிற மாதிரி பெட்டி சொல்லிவிட்டு, அதே 624 செட்டை 48-ஆகப் பிரித்து 13 பெட்டியில் வைத்தோம். பாலிபேக் ஓட்டை வழியாகக் காற்றை அழுத்தி எடுத்த பிறகு அடுக்கினோம். பெட்டி ஒன்று கூடியும் வால்யூம் 208 கிலோதான். ஒட்டி முடித்ததும் நடுவயிற்றில் டேப் வைத்து, எண் தெரிய போட்டோ எடுத்து, லாரி கிளம்பும் முன் ஏஜென்டுக்கு அனுப்பினேன்.

அந்த இடைவெளியில் இன்னொரு சின்னச் சரக்கு போனது, 92 கிலோ. 45 கிலோவுக்கு மேல் 240 ரூபாய், 100-க்கு மேல் 210 என்று படிப்படியான விலை. 92-ஐ 240-ஆல் பெருக்கி 22,080-க்கு பில் வந்தது. நூறு கிலோவாக வைத்து 210 போட்டால் 21,000தான். இல்லாத எட்டு கிலோவுக்குப் பணம் கட்டினால் மொத்தம் குறைகிறது என்பது கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் விமானக் கம்பெனிகளின் கட்டண முறையிலேயே இதற்கு இடம் உண்டு. மேல்படி விலையில் மலிவாக வந்தால் அந்தப் படியின் எடைக்கே கணக்கிடலாம். ஏஜென்ட் தானாகச் செய்யவில்லை. சொன்னதும், "ஆமாங்க, பார்க்கலீங்க" என்று மாற்றிக் கொடுத்தார்.

13 பெட்டிக்கு வந்த பில்லில் 208 என்றே இருந்தது. 43,680 ரூபாய்.